பாட்டியின் அடுக்களைப் பழக்கம் தொழிலாகிற சிறுகதை: எழுதுவது எப்படி, படிப்படியாக

பாட்டி, அடுக்களை, குடும்பத் தொழில். இந்த மூன்றையும் வைத்துக் கதை எழுத உட்கார்ந்தால் கை தானாகவே ஒரு பாதையில் இறங்கிவிடும். பாட்டியின் கைமணத்தை எல்லோரும் மெச்சுவார்கள், பேத்தி ஒருநாள் கண்களை அகல விரித்து ஒரு யோசனை சொல்வாள், கடைசிப் பத்தியில் பெயர்ப்பலகை மாட்டுவார்கள். விளம்பரப் படத்துக்கு அது போதும். சிறுகதைக்குப் போதாது, ஏனென்றால் அதில் யாருக்கும் எந்த இடைஞ்சலும் இல்லை.

இங்கே நாம் எடுத்துக்கொள்ளும் கதைப்பொருள், பாட்டியின் அடுக்களைப் பழக்கம் ஒன்று சத்தமில்லாமல் குடும்பத் தொழில் யோசனையாக மாறுவது. அதிலேயே ஒரு நல்ல முடிச்சு இருக்கிறது. பாட்டி தொழில் எதுவும் தொடங்கவில்லை. நேற்று செய்ததையே இன்றும் செய்கிறாள். அவளைச் சுற்றியிருப்பவர்களின் பார்வைதான் கொஞ்சம் கொஞ்சமாக மாறுகிறது. எந்தக் கணத்தில் மாறியது என்று வாசகரால் விரல் வைத்துச் சொல்ல முடியக்கூடாது. ஆனால் மாறிவிட்டது என்பதில் சந்தேகமும் வரக்கூடாது. அதற்கான வேலைகளை ஒரே கதையை எடுத்துக்கொண்டு, முதல் தேர்விலிருந்து கடைசித் திருத்தம் வரை பார்க்கலாம். ஏறக்குறைய 2000 சொற்களில் முடிகிற கதை என்று வைத்துக்கொள்வோம்.

படி 1: திறமையை விட்டுவிட்டுப் பழக்கத்தைப் பிடியுங்கள்

பலரும் முதலில் சறுக்குவது இங்கேதான். பாட்டிக்கு மட்டுமே தெரிந்த ஒரு சமையல் குறிப்பைத் தேர்ந்தெடுப்பார்கள். குறிப்பு என்பது திறமை. திறமை உள்ளவரிடம் தொழில் தொடங்கச் சொல்வது யாருக்கும் முதல் நாளிலேயே தோன்றக்கூடியது, அதில் 'சத்தமில்லாமல்' நடக்க ஒன்றுமே இல்லை. பழக்கம் வேறு. அதைச் செய்கிறவளுக்கே அது ஒரு பொருட்டாகத் தெரியாது. வீட்டில் உள்ளவர்களுக்கோ அது கண்ணில் படாது, பட்டாலும் எரிச்சலாகத்தான் இருக்கும்.

தேர்ந்தெடுத்த பழக்கத்தை மூன்று கேள்விகளால் சோதியுங்கள். யாரும் கேட்காமலே அவள் அதை தினமும் செய்கிறாளா? அதற்கு அவளிடம் சொந்தமாக ஒரு காரணம் இருக்கிறதா? செய்து முடித்தபின் கையில் எடுத்துக் கொடுக்கக்கூடிய பொருளாக ஏதாவது மிஞ்சுகிறதா? மூன்றாவது கேள்வியில்தான் பெரும்பாலான யோசனைகள் விழுந்துவிடும். விடியற்காலையில் எழுந்து அடுப்பைத் துடைப்பது அழகான பழக்கம், ஆனால் அதிலிருந்து வாசல் தாண்டிப் போக எதுவும் இல்லை.

நம் கதைக்கு இதை எடுத்துக்கொள்வோம்: பிழிந்த எலுமிச்சைத் தோலைப் பாட்டி தூக்கிப் போடுவதில்லை. உள்ளே ஒட்டியிருக்கும் சவ்வைக் கரண்டியால் வழித்துவிட்டு, ஜன்னல் திட்டில் ஒரு தட்டில் காயவைக்கிறாள். காய்ந்ததை இடித்து, உப்போடு கலந்து, அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பாட்டிலில் வைத்துக்கொள்கிறாள். வீட்டுக்கு வருகிறவர் யாராவது சாப்பிட்டுவிட்டு "இது என்ன?" என்று கேட்டால், ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்துவிடுகிறாள். அவ்வளவுதான். காரணம் கேட்டால், "தோல்லதான வாசனை இருக்கு, அதைப் போய்க் கொட்டுவாங்களா" என்பாள்.

படி 2: எழுதுவதற்கு முன் அந்தப் பழக்கத்தை உங்கள் கையால் செய்து பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்களின் கதையில் பாட்டி எப்போதும் "பக்குவமாக" எதையோ செய்துகொண்டிருப்பாள். பக்குவம் என்றால் என்ன என்று எழுதியவருக்கே தெரியாது. செய்து பார்த்தவருக்குத் தெரியும்: தோலுக்கு அடியில் இருக்கும் வெள்ளைப் பகுதிதான் கசப்பு. அதை அதிகம் விட்டால் பொடி கசக்கும். ஒட்ட வழித்தால் தோல் கிழியும். காய்ந்ததா என்று கண்ணால் சொல்ல முடியாது, ஏனென்றால் மேல்தோல் சீக்கிரமே காய்ந்துவிடும், ஈரம் உள்ளே தங்கிவிடும். ஒன்றை எடுத்து ஒடித்துப் பார்க்க வேண்டும். சட்டென்று உடைந்தால் காய்ந்தது. வளைந்து கொடுத்தால் இன்னும் ஆகவில்லை. வளைகிற தோலை அவசரப்பட்டு இடித்தால் பொடி உதிராமல் கட்டி தட்டும். உப்பு சேர்க்காமல் பாட்டிலில் அடைத்தால் சில நாளில் ஓரத்தில் பூஞ்சை பிடித்து மக்கல் வாடை வரும். உப்பும் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும் என்பதால், மூடி சரியில்லாத பாட்டிலில் பொடி கல்லாகிவிடும்.

இவை எல்லாம் கதையில் வராது. இரண்டு வந்தால் போதும். எனக்கு ஒடித்துப் பார்ப்பதுதான் பிடிக்கிறது, ஏனென்றால் அதில் ஒலி இருக்கிறது, ஒரு தீர்ப்பும் இருக்கிறது. பாட்டி தோலை ஒடிக்கிற இடத்தை இப்படி எழுதலாம்:

*தட்டில் கைவிட்டு ஒன்றை எடுத்தாள். காதுக்குப் பக்கத்தில் வைத்து இரண்டு விரலால் வளைத்தாள். சத்தம் வரவில்லை. எடுத்ததைத் தட்டிலேயே போட்டுவிட்டு, தட்டை வெயில் நகர்ந்திருந்த பக்கம் தள்ளிவைத்தாள்.*

நான்கு வாக்கியம். அவள் பொறுமைசாலி என்றோ அனுபவசாலி என்றோ எழுதத் தேவையே இல்லாமல் போய்விட்டது.

செய்து பார்ப்பதில் இன்னொரு லாபம், கணக்கு கிடைக்கும். அந்தக் கணக்கிலிருந்துதான் கதையின் சிக்கல் பிறக்கப்போகிறது, ஆகவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். பச்சைத் தோலில் பெரும்பகுதி தண்ணீர்தான். காய்ந்தால் கால் பங்கு எடை தேறினால் அதிகம். கதைக்கு ஒரு பழத்தின் தோல் காய்ந்தபின் 4 கிராம் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் நாளுக்கு மூன்று பழம் பிழிகிறார்கள். ஒரு நாளுக்கு 12 கிராம், 30 நாளுக்கு 360 கிராம். ஏறக்குறைய அதே எடைக்கு உப்பு சேர்த்தால் 720 கிராம் பொடி. ஒரு மடிப்புக்கு 40 கிராம் என்றால் மாதத்துக்கு 18 மடிப்பு. வீட்டுக்கும் வந்து போகிறவர்களுக்கும் இது சரியாக இருக்கும். இந்த 18-ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: யார் கண்ணால் பார்ப்பது?

பாட்டியின் மனதுக்குள் புகுந்து எழுதாதீர்கள். புகுந்துவிட்டால், அவளுக்கு இது ஒரு பொருட்டே இல்லை என்பதை அவளே நினைத்துச் சொல்ல வேண்டியிருக்கும், சொன்னதும் அது பொருட்டாகிவிடும். பேரனோ பேத்தியோ "நான்" என்று சொல்வது எல்லோரும் முதலில் எடுக்கும் வழி. அதில் ஆபத்து என்னவென்றால், நான்காவது வரியிலேயே "இன்றும் அந்த வாசனை" என்று ஏக்கம் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஏக்கம் வந்த பிறகு கதையில் யாருக்கும் கோபம் வராது, கணக்கும் வராது.

நான் மருமகளைத் தேர்ந்தெடுப்பேன். படர்க்கையில், ஆனால் அவளை ஒட்டி. அந்த ஜன்னல் திட்டை அவளும்தான் புழங்குகிறாள். தட்டு எப்போதும் வழியில் கிடக்கிறது. கழுவிய பாத்திரத்தைக் கவிழ்க்க இடமில்லை. வருடக்கணக்காக வாய்விட்டுச் சொல்லாத ஒரு சின்னக் குறை அவளிடம் இருக்கிறது. பிறகு அதே தட்டை அவள் வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கும்போது வாசகரும் அவளோடு நகர்வார். முதலிலேயே ரசிக்கிறவரிடம் இந்த நகர்வுக்கு இடமில்லை.

பேரனை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஓரத்தில். யோசனையை அவசரமாகப் பெயர் சொல்லி அழைக்கிறவன் ஒருவன் வேண்டும். அது அவனாக இருக்கட்டும்.

படி 4: சத்தமில்லாமல் நகர்த்துங்கள்

இதற்கு ஒரு நடைமுறை விதி வைத்துக்கொள்ளலாம். கதையின் மூன்றில் இரண்டு பங்கு முடியும்வரை யார் வாயிலும் விற்பனை, தொழில், லாபம் பற்றிய பேச்சே வரக்கூடாது. அதுவரை நடப்பதெல்லாம் பொருள்களின் வழியாக நடக்க வேண்டும்.

நகர்வை இப்படி அடுக்கலாம். முதலில் பாட்டி கொடுக்கிறாள். பிறகு வாங்கிப் போனவரே மறுபடி வந்து கேட்கிறார். கேட்பது முக்கியம், ஏனென்றால் அதுவரை அது அன்பளிப்பு, கேட்டபின் அது தேவை. அடுத்து, ஒருவர் தன் வீட்டிலிருந்து காலி பாட்டிலைக் கழுவி எடுத்துக்கொண்டு வருகிறார். இது கேட்பதைவிட ஒரு படி மேலே. இனிமேலும் வருவேன் என்று அந்த பாட்டில் சொல்கிறது. அடுத்தவர் தன் அக்கா வீட்டுக்கும் சேர்த்துக் கேட்கிறார். பாட்டி அறியாத ஒருவர் முதல்முறையாக வரிசைக்குள் வந்துவிட்டார். கடைசியாக ஒருவர், சும்மா வாங்கிப் போகக் கூச்சப்பட்டு, பாட்டிலுக்கு அடியில் பணம் வைத்துவிட்டுப் போகிறார்.

அந்தப் பணத்தை என்ன செய்கிறார்கள் என்பதுதான் கதையின் முதல் கனமான காட்சி. பாட்டி திருப்பிக் கொடுக்கச் சொல்வாள் என்று எல்லோரும் எழுதுவார்கள். அதையே கொஞ்சம் திருப்பிப் பாருங்கள்:

*"அத்தை, பாட்டிலுக்கு அடியில பணம் இருக்கு."*

*"யார் வெச்சது?"*

*"காலைல வந்தாங்களே, அவங்கதான் இருக்கும்."*

*பாட்டி எட்டிப் பார்த்தாள். "உப்பு தீர்ந்துபோச்சு. அதுல வாங்கிடு" என்றாள்.*

எந்த முடிவும் எடுத்த மாதிரி தெரியவில்லை. ஆனால் முதல் வரவு முதல் செலவாகிவிட்டது. அது மூலப்பொருள் வாங்கப் போயிருக்கிறது, வீட்டுச் செலவுக்கு அல்ல. வாசகர் இதைக் கவனிக்கலாம், கவனிக்காமலும் போகலாம். நீங்கள் சுட்டிக்காட்டாதீர்கள்.

படி 5: அளக்கும் காட்சி

பழக்கம் தொழிலாவதற்கு நடுவில் ஒரு வாசல் இருக்கிறது: அளவு. கையால் அள்ளிப் போடுகிறவரை அது பாட்டியுடையது. எடை போட்டு எழுதிவைத்தபின் அதை வேறொருவரும் செய்யலாம். இந்தக் காட்சியை விட்டுவிட்டால் கதைக்கு முதுகெலும்பு இருக்காது, ஆகவே இதற்கு அதிக இடம் கொடுங்கள். 2000 சொல்லில் 500 போனாலும் தவறில்லை.

மருமகள் சின்னத் தராசை எடுத்து வைக்கிறாள். காரணம் சொல்லவில்லை, தனக்கே தெளிவாகத் தெரியாது. பாட்டி உப்பை அள்ளும்போது, "அத்தை, ஒரு நிமிஷம், இந்தக் கிண்ணத்துல போட்டுட்டு அப்புறம் கலந்துக்கோங்க" என்கிறாள். பாட்டி போடுகிறாள். பொடி 36 கிராம், உப்பு 34. அடுத்தமுறை பொடி அதே 36, உப்பு 43. அதற்கடுத்த முறை உப்பு 31. மருமகள் தன் பையனின் பழைய நோட்டில் எழுதிவைக்கிறாள். மூன்று எண்ணும் மூன்று விதமாக இருப்பதைப் பார்த்து, பாட்டிக்குக் கணக்கே கிடையாது, ஏதோ கைக்கு வந்தது என்று முடிவுகட்டுகிறாள்.

இங்கே கதையை முடிச்சுப் போட வேண்டும். மருமகள் எடுத்த முடிவு தவறு என்பது அவளுக்கே தெரியவர வேண்டும், ஆனால் பாட்டி விளக்கவுரை ஆற்றக்கூடாது. 43 கிராம் போட்ட அன்றைக்கு என்ன நடந்தது? அன்று வந்த பழங்கள் தடித்த தோல். வெள்ளைப் பகுதி அதிகம், எவ்வளவு வழித்தாலும் கசப்பு மிஞ்சும். பாட்டி பொடியைத் துளி நாக்கில் வைத்துப் பார்த்தாள், உப்பைக் கூட்டினாள். உப்பு கசப்பை அமுக்கும் என்பது அவளுக்குப் படித்து வந்த அறிவல்ல, ஆனால் உண்மையும் அதுதான். மருமகள் இதைக் கண்டுபிடிக்கிற விதம் சின்னதாக இருக்கட்டும்:

*நோட்டில் உப்புக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. அடுத்த முறை பாட்டி நாக்கில் வைத்துப் பார்த்தபோது, "எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.*

*"கசக்குது."*

*"எவ்வளவு?"*

*பாட்டி அவளைப் பார்த்தாள். இந்த வீட்டில் இதுவரை யாரும் அவளிடம் கேட்டிராத கேள்வி அது. "போன தடவையைவிடக் கம்மி" என்றாள்.*

*மருமகள் காலிக் கட்டத்தில் அதை எழுதினாள்.*

நடந்தது என்ன? மருமகள் எண்ணை அளக்கப் போய், எண்ணுக்குப் பின்னால் இருக்கும் நாக்கை அளக்க வேண்டும் என்று கண்டுகொண்டாள். இது உண்மையான தொழிலிலும் நடப்பதுதான். பொருள் ஒவ்வொரு முறையும் ஒரே சுவையில் வர வேண்டுமானால், மூலப்பொருள் மாறும்போது அளவும் மாற வேண்டும். நிலையான அளவை மட்டும் எழுதிவைத்தால் சுவை நிலைக்காது.

இந்தக் காட்சி தவறிப்போகிறது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? பாட்டி "எல்லாம் கை அளவுதாம்மா" என்று சொல்லிச் சிரித்தால் தவறிவிட்டது. அந்த வசனம் கதவைச் சாத்திவிடுகிறது, அதற்குப் பிறகு கண்டுபிடிக்க எதுவும் இல்லை.

படி 6: சிக்கலைப் பழக்கத்துக்கு உள்ளிருந்து எடுங்கள்

குடும்பத் தொழில் என்றதும் பங்காளிச் சண்டை, கடன், ஏமாற்றுகிற வியாபாரி என்று வெளியிலிருந்து சிக்கலைக் கொண்டுவருவார்கள். தேவையில்லை. இப்போது அந்த 18-ஐ எடுங்கள்.

யாரோ ஒருவர் தன் வீட்டு விசேஷத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க 60 மடிப்பு கேட்கிறார். பேரன் முதல்முறையாக வாய்திறந்து, "பாட்டி, இதை ஒரு தொழிலாவே பண்ணலாம்" என்கிறான். 60 மடிப்பு என்றால் 2400 கிராம். அதில் பாதி, 1200 கிராம், காய்ந்த தோல். ஒரு பழத்துக்கு 4 கிராம் வீதம் 300 பழம். வீட்டில் மாதத்துக்கு 90 தான் பிழிகிறார்கள்.

பேரனுக்கு விடை உடனே வந்துவிடும்: 300 பழம் வாங்கிவிடலாம். சரி, சாறு? ஒரு பழத்துக்கு 15 மில்லி என்றாலும் நாலரை லிட்டர். "கொட்டிடலாம், தோல்தானே வேணும்" என்கிறான் அவன். அவன் கெட்டவன் அல்ல. கணக்குப்படி அவன் சொல்வது சரிகூட. ஆனால் எதையும் கொட்டக்கூடாது என்பதற்காகப் பிறந்த பழக்கம், தொழிலாகிற முதல் நாளிலேயே நாலரை லிட்டரைக் கொட்டச் சொல்கிறது. இந்த முரணைவிடப் பெரிய வில்லன் இந்தக் கதைக்குத் தேவையில்லை. நீங்கள் வேறு பழக்கத்தைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் இதே கேள்வியைக் கேளுங்கள்: இதை பத்து மடங்காக்கினால் எது முதலில் உடையும்? மிச்சத்திலிருந்து பிறந்த பழக்கம் என்றால் மிச்சம் போதாமல் போகும். நிதானத்திலிருந்து பிறந்தது என்றால் நேரம் போதாது. ஒருவருக்கு மட்டும் செய்தது என்றால் முகம் தெரியாதவருக்குச் செய்வதில் கை தயங்கும்.

பாட்டி இங்கே என்ன செய்கிறாள்? பெரும்பாலான கதைகளில் அவள் மௌனமாகிவிடுவாள், கண் கலங்கும், குடும்பம் புரிந்துகொள்ளும். அவளைத் தெய்வமாக்கி ஓரமாக உட்கார வைக்கிற வழி அது. அவளுக்குத்தான் இந்த வேலை தெரியும், ஆகவே வேலை தெரிந்தவள் கேட்கும் கேள்விகளை அவள் கேட்கட்டும். "சாறு கொட்டக்கூடாது" என்று மட்டும் சொல்கிறாள். மருமகள் ஒரு வழி சொல்கிறாள்: சாறு பிழிந்து விற்கிறவரிடம் தோல் குவிந்து கிடக்குமே, அதை வாங்கிக்கொள்ளலாம். கேட்க நன்றாக இருக்கிறது. பாட்டி ஒரே கேள்வி கேட்கிறாள்:

*"பிழியறதுக்கு முன்னாடி யாரு கழுவினது?"*

அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. சாறுக்காகப் பிழிகிறவருக்குத் தோல் குப்பை. மேலே மெழுகு பூசியிருக்கலாம், மருந்து தெளித்திருக்கலாம், அழுக்கும் இருக்கலாம். பிழிந்த தோல் மதியம்வரை குவிந்து கிடந்தால் வெந்து, புளித்த வாடை ஏறிவிடும். அதைக் காயவைத்தால் வாடையும் சேர்ந்து காயும். மூவரும் பேசாமல் இருக்கிற அந்த இடைவெளியை எழுதுங்கள், ஆனால் நீட்டாதீர்கள். பாட்டியே வழி சொல்லட்டும், அதுவும் வேறு வேலை செய்துகொண்டே:

*"காலைல அவங்க கடை போடறதுக்கு முன்னாடி நாம போய்ப் பழத்தைக் கழுவிக் குடுத்துடலாம். கழுவற வேலை அவங்களுக்கு மிச்சம். பிழிஞ்சதும் தோலை நம்ம கூடையில போடச் சொல்லு. வெயில் ஏறறதுக்குள்ள எடுத்துட்டு வந்துடணும்."*

இந்த நான்கு வாக்கியத்தில் ஒரு தொழில் யோசனை முழுதாக இருக்கிறது: மூலப்பொருள் எங்கிருந்து, அதற்குப் பதில் என்ன கொடுப்பது, தரத்தை எப்படிக் காப்பது, நேரக் கெடு எது. சொல்கிறவளுக்கு அது யோசனை என்று தோன்றவே இல்லை. வழக்கம்போல எதையும் வீணாக்காமல் இருக்க வழி தேடினாள், அவ்வளவுதான். கதைப்பொருள் கேட்டது இந்தக் கணத்தைத்தான். கதையின் மற்ற எல்லாப் பகுதியும் இதைத் தாங்க எழுதப்படுவதுதான்.

படி 7: இடத்தைப் பங்கிடுவது

காலத்தைக் குறுக்குங்கள். வருடங்களாக நீளும் கதையில் வருடங்களைக் காட்டவே சொற்கள் போய்விடும். தோல் காய்வதற்கும் ஆட்கள் திரும்பி வருவதற்கும் ஒரு மாதம் போதும். தொடக்கத்துக்கு 250 சொல், அதில் தட்டும் எரிச்சலும். காலி பாட்டிலும் பணமும் வருகிற பகுதி 450. அளக்கும் காட்சி 500. அறுபது மடிப்பும் அதன் விவாதமும் 600. மிச்சம் முடிவுக்கு. அளக்கும் காட்சியும் விவாதமும் பாதிக்கு மேல் எடுத்துக்கொள்வதைக் கவனியுங்கள். பாட்டியின் வரலாறு, தாத்தா எப்போது காலமானார், அவள் பட்ட கஷ்டம் என்பதற்கெல்லாம் இடம் ஒதுக்கவே இல்லை. தேவைப்பட்டால் ஒரு வரி, அதுவும் அவள் வாயால்.

படி 8: எங்கே நிறுத்துவது

கதைப்பொருள் தொழில் யோசனையைப் பற்றியது, தொழிலின் வெற்றியைப் பற்றியது அல்ல. ஆகவே அறுபது மடிப்பையும் செய்து கொடுத்தார்களா என்று சொல்லாமல் நிறுத்தலாம். சொன்னால் வாசகர் கவனம் வெற்றி தோல்விக்குப் போய்விடும். ஐந்து வருடம் கழித்து என்று தாவுவதும் வேண்டாம். பாட்டி இறந்துபோய்ப் பாட்டில் மட்டும் மிஞ்சுகிற முடிவு இந்த வகைக் கதைகளில் தேய்ந்து போனது. அழவைக்க அவளைக் கொல்ல வேண்டியதில்லை.

எனக்குச் சரியாகப்படுவது ஒரு பேரத்தில் நிறுத்துவது. மறுநாள் விடியுமுன் மருமகள் கூடையோடு கிளம்பி நிற்கிறாள். பாட்டியும் கிளம்பி நிற்கிறாள். "நீங்க எதுக்கு அத்தை, நான் போய்ட்டு வரேன்" என்கிறாள் மருமகள். "உனக்குத் தடித்தோல் எதுன்னு தெரியுமா?" என்கிறாள் பாட்டி. மருமகள் நோட்டையும் எடுத்துக்கொள்கிறாள். இதில் உறவு எங்கே வந்து நிற்கிறது என்பது தெரிந்துவிடுகிறது: ஒருத்தியிடம் நாக்கு இருக்கிறது, இன்னொருத்தியிடம் நோட்டு இருக்கிறது, இரண்டும் இல்லாமல் இது நடக்காது. இந்த விளக்கத்தைக் கதைக்குள் எழுதிவிடாதீர்கள். கிளம்பினார்கள் என்பதோடு விட்டுவிடுங்கள்.

படி 9: திருத்தும்போது தேட வேண்டியவை

எழுதி முடித்து இரண்டு நாள் வைத்துவிட்டு, சத்தமாகப் படியுங்கள். முதலில் பாட்டியைப் பற்றி வரும் அடைமொழிகளை எல்லாம் கோடிடுங்கள். சுருக்கம் விழுந்த கை, வெள்ளை முடி, கனிந்த பார்வை போன்றவை எந்தப் பாட்டிக்கும் பொருந்தும், ஆகவே இந்தப் பாட்டிக்கு எதுவும் சொல்லவில்லை. எடுத்துவிட்டு அந்த இடத்தில் அவள் கை என்ன செய்கிறது என்று எழுதுங்கள்.

அடுத்து, பேச்சு வரிகளை மட்டும் தனியே எடுத்துப் படியுங்கள். பாட்டியின் வசனங்கள் எல்லாம் அறிவுரையாக இருந்தால் மாற்ற வேண்டும். நம் கதையில் அவள் பேசுவது தோல், சாறு, உப்பு, கசப்பு, கழுவுவது, வெயில் இவற்றைப் பற்றி மட்டுமே. அப்படித்தான் இருக்க வேண்டும். பேரனின் வசனம் ஒன்றாவது அவனுக்கு நியாயமாகத் தெரிகிறதா என்றும் பாருங்கள். அவனை முட்டாளாக்கினால் விவாதம் ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும்.

பிறகு எண்களைச் சரிபாருங்கள். மாதத்துக்கு 18, கேட்டது 60, தோலுக்கு 4 கிராம் என்பவை ஒன்றோடொன்று இடிக்கக்கூடாது. வாசகர்களில் யாராவது ஒருவர் கண்டிப்பாகக் கூட்டிப் பார்ப்பார். ஆனால் கதையில் இத்தனை எண்ணும் வரத் தேவையில்லை; 60-ம் 300-ம் நாலரை லிட்டரும் வந்தால் போதும், மற்றவை உங்கள் மேசையிலேயே இருக்கட்டும்.

தலைப்பைக் கடைசியில் வையுங்கள். பாட்டி என்று தலைப்பில் வந்தால் வாசகர் ஏக்கத்துக்குத் தயாராகிவிடுவார், தொழில் என்று வந்தால் முடிவு தெரிந்துவிடும். 'ஜன்னல் திட்டு' என்று வைத்தால் முதல் பத்தியில் அது வெறும் இடப் பிரச்சினை. அந்த அளவில் தொடங்குவதுதான் இந்தக் கதைக்கு வசதி.